மாசம் ஒரு கேம், ஆளுக்கு ஒரு முறை: எல்லார் மெஷின்லயும் ஓடுற கேம் கிளப்

*(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். படிக்க வசதியாக சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)*

புக் கிளப் எல்லாருக்கும் தெரியும். மாசம் ஒரு புத்தகம், எல்லாரும் படிக்கணும், கடைசி ஞாயித்துக்கிழமை உக்காந்து பேசணும். கேம் கிளப்பும் அதேதான். மாசம் ஒரு கேம், ஒவ்வொரு மாசமும் வேற ஒருத்தர் தேர்ந்தெடுப்பார், எல்லாரும் விளையாடிட்டு வந்து பேசுவோம்.

ஆனா புத்தகத்துல இல்லாத ஒரு சிக்கல் கேம்ல இருக்கு. புத்தகம் யார் கண்ணாடி போட்டாலும் ஓடும். கேம் அப்படி இல்ல. ஒருத்தர் லேப்டாப்ல வெண்ணெய் மாதிரி ஓடுறது, இன்னொருத்தர் லேப்டாப்ல மெனு வரைக்கும்கூட வராது. ஒருத்தருக்கு 800 ரூபாய் ஒரு பிரியாணி விருந்து, இன்னொருத்தருக்கு அது ரெண்டு மாச மொபைல் ரீசார்ஜ்.

இதுல முக்கியமான விஷயம் என்னன்னா, முடியாதவங்க சொல்ல மாட்டாங்க. "எனக்கு இது ஓடல", "எங்கிட்ட காசு இல்ல"ன்னு வாட்ஸ்அப் குரூப்ல யாரும் டைப் பண்றது இல்ல. "இந்த மாசம் ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி"ன்னு ஒரு மெசேஜ் வரும். அடுத்த மாசம் அதுவும் வராது. கிளப் மெதுவா நல்ல லேப்டாப் வெச்சிருக்கிற மூணு பேரோட கிளப்பா மாறிடும். அதனால யாரும் வாய் திறந்து சொல்ல வேண்டிய அவசியமே இல்லாம அந்த எல்லையை முன்னாடியே எப்படி அளந்து வைக்கிறதுன்னு இந்த எபிசோட்ல பார்ப்போம்.

முதல்ல தரையை அளங்க

ஒரு உதாரணத்தை வெச்சே போவோம். மந்தைவெளியில ஆறு பேர் சேர்ந்து ஒரு கிளப் ஆரம்பிக்கிறாங்கன்னு வச்சுக்குங்க. பறக்கும் ரயில் ஸ்டேஷன் பக்கத்துலயே இருக்கிறதால வேளச்சேரியில இருந்து ஒருத்தர், திருவல்லிக்கேணியில இருந்து ஒருத்தர் வந்துடலாம். ஆறு பேருக்கும் பேர் வேணாம், மெஷினை வெச்சே கூப்பிடுவோம்.

ஒண்ணு, கேமிங் லேப்டாப். தனி கிராஃபிக்ஸ் கார்டு உண்டு. ரெண்டு, ஆபீஸ் லேப்டாப். `Intel UHD Graphics 620`, 8 ஜிபி ரேம். மூணு, தமிழ்நாடு அரசு 2011ல ஆரம்பிச்ச இலவச லேப்டாப் திட்டத்துல காலேஜ் படிக்கும்போது கிடைச்ச லேப்டாப். இன்னும் ஓடிட்டு இருக்கு, ரேம் 4 ஜிபி. நாலு, எம்1 மேக்புக் ஏர். அஞ்சு, புது லேப்டாப்தான், ஆனா டிஸ்க் முழுக்க ஆபீஸ் ஃபைல். 10 ஜிபி இடம்தான் காலி. ஆறு, லேப்டாப்பே இல்ல, ஆண்ட்ராய்டு போன் மட்டும்.

இப்போ கேள்வி, இதுல மோசமான மெஷின் எது? பெரும்பாலான பேர் "மூணாவது"ன்னு சொல்லிட்டு, அதுல ஓடினா எல்லாத்துலயும் ஓடும்னு நினைப்பாங்க. அது சரி இல்ல. மேக்புக் ஏர் பலமான மெஷின். ஆனா விண்டோஸுக்கு மட்டும் வந்த கேம் அதுல நேரடியா ஓடாது. அஞ்சாவது லேப்டாப்புக்கு வேகம் இருக்கு, இடம் இல்ல. போனுக்கு பெரும்பாலான பிசி கேம் வரவே வராது.

அதனால "மோசமான மெஷின்"னு ஒண்ணைத் தேடாதீங்க. ஒரு ஷீட் போடுங்க. ஆறு வரிசை, அஞ்சு பத்தி: ஓஎஸ், ரேம், கிராஃபிக்ஸ், காலி இடம், நெட் டேட்டா. அப்புறம் ஒவ்வொரு பத்தியிலயும் குறைஞ்சது எதுன்னு பாருங்க. ரேம் பத்தியில 4 ஜிபி, காலி இடத்துல 10 ஜிபி, கிராஃபிக்ஸ்ல பழைய இன்டெல். ஒவ்வொண்ணும் வேற வேற ஆள்கிட்ட இருந்து வருது. இந்தக் குறைஞ்ச எண்கள் எல்லாம் சேர்ந்ததுதான் உங்க கிளப்போட தரை.

இந்த விவரத்தை எடுக்கிறது ரெண்டு நிமிஷ வேலை. விண்டோஸ்ல விண்டோஸ் பட்டனையும் `R` பட்டனையும் சேர்த்து அழுத்தி, வர்ற சின்னப் பெட்டியில இதை டைப் பண்ணுங்க:

```
dxdiag
```

`System` பக்கத்துல `Memory`ன்னு ரேம் இருக்கும். `Display` பக்கத்துல `Name`ன்னு கிராஃபிக்ஸ் பேர் இருக்கும். மேக்ல ஆப்பிள் மெனுவைத் திறந்து `About This Mac`. யாரையும் "உன் லேப்டாப் என்ன மாடல்?"னு கேக்காதீங்க. ஒரே மாடல் பேர்ல நாலு விதமான ரேம், ரெண்டு விதமான கிராஃபிக்ஸ் விப்பாங்க. இந்த ஸ்கிரீனைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க, போதும்.

நெட் டேட்டாவுக்கு எதுக்கு ஒரு பத்தின்னு கேப்பீங்க. வீட்ல வைஃபை இல்லாம ஒரு நாளைக்கு 1.5 ஜிபி பிளான்ல இருக்கிறவங்க நம்ம நடுவுல நிறைய பேர். 20 ஜிபி கேம்னா அவங்களுக்கு 14 நாள் டேட்டா. வேற எதுவுமே பார்க்காம! மாசத்துல பாதி டவுன்லோட்லயே போயிடும். கேம் இலவசமா இருந்தாலும் இந்தச் செலவு இருக்கு.

காசு விஷயத்துல சராசரி வேண்டாம்

மெஷின் தரையை வெளிப்படையா ஷீட்ல போடலாம், யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. காசுத் தரையை அப்படிப் போட முடியாது.

குரூப்ல "மாசம் 500 ஓகேவா?"ன்னு கேட்டா என்ன ஆகும்? முதல்ல பதில் சொல்றவர் யாருக்கு 500 பெருசு இல்லையோ அவர்தான். அடுத்தவர் தம்ஸ்அப் போடுவார். மூணாவது ஆள் மனசுக்குள்ள 200தான் நினைச்சிருப்பார், ஆனா அவரும் தம்ஸ்அப் போட்டுடுவார்.

அதனால முதல் மீட்டிங்ல ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு. ஒரு கேமுக்கு அதிகபட்சம் எவ்வளவு கொடுக்க முடியும்னு ஒரு எண் மட்டும் எழுதி மடிச்சு ஒரு டப்பாவுல போடணும். பேர் எழுதக் கூடாது. ஒருத்தர் பிரிச்சுப் பார்த்து, இருக்கிறதுலயே சின்ன எண்ணை மட்டும் வாய்விட்டு படிக்கணும். மத்த சீட்டையெல்லாம் கிழிச்சுப் போட்டுடணும். நம்ம ஆறு பேர் சீட்டுல 250தான் சின்ன எண்ணுன்னு வச்சுக்குவோம். அப்போ கிளப்போட உச்ச விலை 250. சராசரி எடுக்கவே கூடாது. 250, 300, 500, 500, 800, 1000 இதோட சராசரி 558. ஆறு பேர்ல நாலு பேருக்கு அது முடியாது.

சின்ன எண் பூஜ்யமா வந்தா? அப்போ கிளப் இலவச கேம் கிளப். அதுல அவமானம் ஒண்ணும் இல்ல. 2004ல ஜப்பான்ல ஒரே ஆள் செஞ்சு இலவசமா வெளியிட்ட `Cave Story` இன்னிக்கும் விளையாடலாம். `Emily is Away` ஸ்டீம்லயே இலவசம். அடுத்த சுற்று ஆரம்பிக்கும்போது மறுபடியும் டப்பா வைங்க. வேலை மாறியிருக்கும், வேலை போயிருக்கும். எண் ஏறும், இறங்கும்.

இங்க ஸ்டீம் தள்ளுபடி உதவும். ஜூன் கடைசியிலயும் டிசம்பர் கடைசியிலயும் பெரிய சேல் வரும், நடுவுல சின்னச் சின்ன சேல் இருக்கும். சாதாரண நாள்ல 250ஐத் தாண்டுற கேம் சேல்ல உள்ள வரலாம். ஆனா இதுல ஒரு கண்ணி இருக்கு. ஸ்டீம்ல பணத்தைத் திரும்பக் கேக்கணும்னா, வாங்கி 14 நாளுக்குள்ள இருக்கணும், விளையாடின நேரம் ரெண்டு மணி நேரத்துக்குக் கீழ இருக்கணும். ஜூன் சேல்ல வாங்கி வெச்சுட்டு ஆகஸ்ட்லதான் திறந்து பார்த்து, ஓடலன்னா, காசு போச்சு. அதனால சேல்ல வாங்கினாலும் அந்த வாரமே இன்ஸ்டால் பண்ணி ஓடுதான்னு மட்டும் பாருங்க. விளையாடுறதை அப்புறம் வச்சுக்கலாம்.

தேர்ந்தெடுக்கிறவருக்கு என்ன வேலை?

இப்போ தரை தெரிஞ்சுடுச்சு. இந்த மாசம் தேர்ந்தெடுக்க வேண்டியவர் மூணு வாசலைத் தாண்டுற கேமைக் கொண்டு வரணும். விலை, மெஷின், நேரம். அந்த மூணுக்குள்ள எதைத் தேர்ந்தெடுத்தாலும் அது அவர் இஷ்டம். "எனக்கு பஸில் பிடிக்காது"ன்னு யாரும் தடுக்க முடியாது. தடுக்க ஒரே காரணம்தான் செல்லும்: "என் மெஷின்ல ஓடாது". ரசனைக்கு வீட்டோ கிடையாது, உண்மைக்கு மட்டும்தான் உண்டு.

இதனாலதான் நான் ஓட்டெடுப்பு வேண்டாம்னு சொல்றேன். ஓட்டுப் போட்டா ஒவ்வொரு மாசமும் நாலு பேருக்குப் பிடிச்சது வரும். அந்த நாலு பேர் எப்பவும் அதே நாலு பேராத்தான் இருப்பாங்க. ஆளுக்கு ஒரு மாசம்னா, யாருமே தொட்டிருக்காத ஒரு கேமை ஒருத்தர் கொண்டு வருவார்.

மெஷின் வாசலைப் பார்க்க ஸ்டீம் பக்கத்துல கீழ `System Requirements` இருக்கும். அதுல `Minimum` பக்கம் `Graphics` வரியைப் படிங்க. அங்க `Intel HD 4000` மாதிரி இன்டெல் பேர் இருந்தா நம்ம ஆபீஸ் லேப்டாப்ல ஓட வாய்ப்பு அதிகம். `GTX`ன்னு ஆரம்பிக்கிற பேர் மட்டும் இருந்தா, அது தனி கிராஃபிக்ஸ் கார்டு. எச்சரிக்கையா இருங்க.

படத்தைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. உதாரணத்துக்கு `Raji: An Ancient Epic`. புனேயில நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் செஞ்சது, 2020ல வந்தது. நம்ம ஊர் புராணம், நம்ம ஊர் ஓவிய பாணி, சின்ன டீம். "இண்டி கேம்தானே, லேசா இருக்கும்"னு யாராவது கொண்டு வருவாங்க. ஆனா அது அன்ரியல் எஞ்சின் 4ல முழு முப்பரிமாணத்துல செஞ்சது. நிழலும் வெளிச்சமும் சேர்ந்து இன்டெல் கிராஃபிக்ஸை மூச்சு முட்ட வைக்கும். சின்ன டீம் செஞ்சதுங்கிறதும் லேசான கேம்ங்கிறதும் ஒண்ணு இல்ல.

சந்தேகம் இருந்தா யூடியூப்ல கேம் பேரோட `UHD 620`ன்னு சேர்த்துத் தேடுங்க. அதே கிராஃபிக்ஸ்ல ஓட்டிப் பார்த்து வீடியோ போடுறதுக்குன்னே ஆளுங்க இருக்காங்க. டெமோ இருந்தா இன்னும் நல்லது. அதை மூணாம் நம்பர் லேப்டாப்ல போட்டுப் பாருங்க.

இருபது நிமிஷ சோதனை

"ஓடுது"ங்கிற வார்த்தையை நம்பாதீங்க. டைட்டில் ஸ்கிரீன் வந்தாலே சிலர் ஓடுதுன்னு சொல்லிடுவாங்க. தேர்ந்தெடுத்தவரும் மூணாம் நம்பர் லேப்டாப்காரரும் உக்காந்து இருபது நிமிஷம் நிஜமா விளையாடிப் பார்க்கணும். சார்ஜரைச் செருகிட்டு, டேபிள் மேல வெச்சு. பேட்டரியில ஓடும்போது பல லேப்டாப் தானாவே வேகத்தைக் குறைச்சுக்கும், அதனால சோதனை தப்பா வரும்.

ஏன் இருபது நிமிஷம்? சென்னைதான் காரணம். மே மாசத்துல ஏசி இல்லாத ரூம்ல முதல் பத்து நிமிஷம் எல்லாமே நல்லாத்தான் ஓடும். அப்புறம் சூடு ஏறும், பிராசஸர் தன்னைக் காப்பாத்திக்க வேகத்தைக் குறைக்கும், கேம் தள்ளாட ஆரம்பிக்கும். அஞ்சு நிமிஷ சோதனையில இது தெரியவே தெரியாது.

எப்போ தள்ளாடுதுன்னு பார்த்தாலே காரணமும் தெரிஞ்சுடும். முதல் நிமிஷத்துல இருந்தே எல்லா இடத்துலயும் மெதுவா இருந்தா, கிராஃபிக்ஸ் பத்தல. புது இடத்துக்குப் போகும்போது மட்டும் ஒரு நொடி உறைஞ்சு நின்னு அப்புறம் சரியானா, ரேம் பத்தல, இல்லன்னா டிஸ்க் மெதுவா இருக்கு. முதல்ல நல்லா ஓடி பத்து பதினஞ்சு நிமிஷத்துல மோசமானா, சூடு.

ஒவ்வொண்ணுக்கும் மருந்து வேற. கிராஃபிக்ஸ் பத்தலன்னா ரெசல்யூஷனை 1920×1080ல இருந்து 1280×720க்கு இறக்குங்க. வரைய வேண்டிய புள்ளிகள் 20 லட்சத்துல இருந்து 9 லட்சமா குறையும், அதாவது பாதிக்கும் கீழ. சூடுன்னா, நொடிக்கு 30 ஃபிரேமுக்கு மேல வேண்டாம்னு கேம் செட்டிங்ஸ்ல கட்டுப்படுத்துங்க, லேப்டாப்பை மெத்தையில வெக்காதீங்க. ரேம்னா, பிரௌசரை முழுசா மூடிட்டு மறுபடி பாருங்க. 4 ஜிபி லேப்டாப்ல விண்டோஸும் நாலு டேபும் சேர்ந்தாலே கேமுக்கு எதுவும் மிஞ்சாது.

ரேம் பத்தி இன்னொண்ணு சொல்லணும். தனி கார்டு இல்லாத லேப்டாப்ல கிராஃபிக்ஸும் அதே ரேமைத்தான் பங்கு போட்டுக்கும். பல லேப்டாப்ல ரெண்டு ஸ்லாட் இருக்கும், கம்பெனி ஒண்ணுல மட்டும் ரேம் போட்டு வித்திருக்கும். இன்னொரு ஸ்லாட்டுலயும் அதே அளவு, அதே வகை ரேம் போட்டா இடம் கூடுறதோட ரெண்டு வழியா ஒரே நேரத்துல தகவல் போகும், கிராஃபிக்ஸும் வேகமாகும். ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஒரு தடவை போயிட்டு வந்தா முடியுற வேலை. போறதுக்கு முன்னாடி ஸ்லாட் காலியா இருக்கான்னு பாருங்க. டாஸ்க் மேனேஜர்ல `Performance`, அதுல `Memory`, கீழ `Slots used`. `1 of 2`ன்னு இருந்தா இடம் இருக்கு. மெல்லிசான புது லேப்டாப் பலதுல ரேம் போர்டுலயே ஒட்டியிருக்கும், மாத்த முடியாது.

ஒரு மாசம், ஒரு கேம்

இப்போ நம்ம ஆறு பேருக்கு நிஜமா ஒரு கேம் தேர்ந்தெடுப்போம். ஆபீஸ் லேப்டாப்காரர் முறை. முதல்ல அவர் `Venba`வைச் சொல்றார். டொரான்டோவுல விசை கேம்ஸ் செஞ்சு 2023ல வந்த கேம். 1980கள்ல கனடாவுக்குக் குடியேறின ஒரு தமிழ்க் குடும்பம். அம்மாவோட சமையல் புத்தகம் கிழிஞ்சு அழிஞ்சு கிடக்கும், விட்டுப்போன படியை நாம ஊகிச்சு சமைக்கணும். முதல் ஐட்டம் இட்லி. படம் லேசானது, ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சுடும்.

மெஷின் கனம் பிரச்சினை இல்ல. ஆனா அது வந்தது விண்டோஸுக்கும் வீட்டுக் கன்சோல்களுக்கும்தான். மேக்காரரும் போன்காரரும் வெளியில நிக்கிறாங்க. இந்த மாதிரி சின்னக் கதை கேமுக்கு ஒரு வழி இருக்கு: ஜோடி. மேக்காரர் ஒருத்தரோடயும் போன்காரர் இன்னொருத்தரோடயும் ஒரே லேப்டாப் முன்னாடி உக்காந்து, அத்தியாயத்துக்கு ஒருத்தர்னு மாத்தி மாத்தி விளையாடலாம். ஒரு சாயங்காலம் போதும். ஆனா பத்து மணி நேர கேமுக்கு இது நடக்காது. அதனால ஜோடி வழியை ரெண்டு மூணு மணி நேரத்துல முடியுற கேமுக்கு மட்டும் வைங்க.

இந்த மாதிரி சின்ன கேம்ல இன்னொரு ஆசை வரும். ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிச்சுட்டு ரீஃபண்ட் கேக்கலாமேன்னு. விதிப்படி கிடைக்கலாம். ஆனா ரீஃபண்ட் ஓடாத கேமுக்கு. முழுக்க சாப்பிட்டுட்டு இலையை மூடாம காசைத் திருப்பிக் கேக்குறது சின்ன டீமுக்கு நேரடி நஷ்டம். கிளப் ஆரம்பிக்கும்போதே இதைப் பேசிடுங்க.

அடுத்து அவர் `Papers, Please` பார்க்கிறார். லூகாஸ் போப் 2013ல வெளியிட்ட கேம். நாம ஒரு கற்பனை நாட்டு எல்லையில பாஸ்போர்ட் சோதிக்கிற அதிகாரி. சரியா சோதிச்ச ஆளுக்கு இவ்வளவுன்னு சம்பளம். அந்தக் காசுல வாடகை, சாப்பாடு, குளிருக்கு ஹீட்டர். இது விண்டோஸ், மேக் ரெண்டுலயும் இருக்கு. 2022ல ஆண்ட்ராய்டு, ஐபோனுக்கும் வந்தது. ஆறு பேரும் உள்ள வந்தாச்சு. படம் பழைய பிக்சல் பாணி, 4 ஜிபி லேப்டாப் சிரமப்படாது. டவுன்லோட் சில நூறு எம்பிக்குள்ள, 1.5 ஜிபி பிளான்ல ஒரே நாள்ல முடியும். விலையை அன்னிக்கு ஸ்டீம்லயும் போன் ஸ்டோர்லயும் தனித்தனியா பார்க்கணும், ரெண்டும் வேற வேற. ரெண்டுமே 250க்குள்ள வரலன்னா விஷ்லிஸ்ட்ல போட்டுட்டு சேல் மாசத்துக்குத் தள்ளணும், அதுவரைக்கும் வேற ஒண்ணு.

நேர வாசலையும் பாருங்க. கதை 31 நாளா ஓடுது, ஒவ்வொரு நாள் முடிவுலயும் சேவ் ஆகுது. இது கிளப்புக்கு ரொம்ப வசதி. "பத்தாம் நாள் வரைக்கும் எல்லாரும் கட்டாயம், முடிச்சா சந்தோஷம்"னு ஒரு கோடு போடலாம். மீட்டிங்ல முதல் ஒரு மணி நேரம் பத்தாம் நாள் வரைக்கும்தான் பேச்சு. அதுக்கப்புறம் முடிக்காதவங்க டீ குடிக்கப் போகலாம், மத்தவங்க முடிவைப் பத்திப் பேசலாம். இதுக்கு 20 முடிவு இருக்கு, அதனால யாருக்கு என்ன வந்ததுங்கிறதே ஒரு மணி நேரம் ஓடும். பெரிய கேமைக் கொண்டு வர்றவரும் இதே மாதிரி ஒரு நிறுத்தத்தைச் சொல்லணும். "முடிஞ்ச வரைக்கும் விளையாடுங்க"ன்னு விட்டா ஆறு பேரும் ஆறு இடத்துல நிப்பாங்க, பேச பொது விஷயமே இருக்காது.

பேசும்போது "பிடிச்சுதா?"ன்னு ஆரம்பிக்காதீங்க. பிடிச்சுது, பிடிக்கலன்னு ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுடும். எல்லாரும் கடந்த ஒரு குறிப்பிட்ட இடத்தைக் கேளுங்க. இந்த கேம்ல ஒரு கணவர் சரியான பேப்பரோட வருவார். பின்னாடி அவர் மனைவி வருவாங்க, அனுமதிச் சீட்டு இருக்காது. உள்ள விட்டா நமக்கு எச்சரிக்கை வரும். ஒரு நாள்ல முதல் ரெண்டு எச்சரிக்கைக்கு அபராதம் இல்ல, மூணாவதுல இருந்து காசு போகும். நீங்க அவங்களை விட்டீங்களா? அன்னிக்கு உங்களுக்கு எத்தனை எச்சரிக்கை மிச்சம் இருந்தது? ரெண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லும்போதுதான், நம்ம இரக்கமும் கணக்குப் பார்த்துதான் வந்ததான்னு பேச்சு சூடு பிடிக்கும்.

சீட்டு எடுத்தவர் ஓடிடுவார்

கடைசியா, முறையை எப்படி வைக்கிறது? நம்ம ஊர்ல இதுக்கு ஏற்கனவே ஒரு மாதிரி இருக்கு. குலுக்கல் சீட்டு. மாசா மாசம் எல்லாரும் கட்டுவாங்க, குலுக்கி பேர் வந்தவர் மொத்தத்தையும் எடுப்பார். அந்தச் சீட்டு நடத்துறவங்களுக்குப் பெரிய பயம் எது? முதல் மாசமே எடுத்தவர் மிச்ச மாசம் கட்டாம போறது.

கேம் கிளப்பும் அப்படியேதான் உடையும். ஜனவரியில தன்னோட கேமை எல்லாரையும் விளையாட வெச்சவர், மார்ச்ல இருந்து "முடிக்க முடியலப்பா"ன்னு ஆரம்பிப்பார். அவருக்கு இனிமே வர்றதுல எதுவும் இல்லையே.

இதுக்கு ரெண்டு ஏற்பாடு பண்ணலாம். ஒண்ணு, மொத்த வரிசையையும் முதல் நாளே குலுக்காதீங்க. ஒவ்வொரு மீட்டிங் முடிவுலயும், இன்னும் முறை வராதவங்க பேரை மட்டும் போட்டுக் குலுக்குங்க. அன்னிக்கு வந்தவங்க, இல்லன்னா வர முடியாதுன்னு முன்னாடியே சொன்னவங்க பேர்தான் டப்பாவுல இருக்கும். ரெண்டு, போன மாசம் தேர்ந்தெடுத்தவர்தான் இந்த மாசம் பேச்சை நடத்தணும். இருபது நிமிஷ சோதனையிலயும் அவர் கூட இருக்கணும். எடுத்தவருக்கு அடுத்த மாசமே ஒரு பொறுப்பு வந்துடும்.

ஆள் எண்ணிக்கையும் இதுல சேர்ந்தது. ஆறு பேர்னா ஆறு மாசத்துக்கு ஒரு முறை வரும். பன்னிரண்டு பேர்னா வருஷத்துக்கு ஒரு முறை. அவ்வளவு நாள் யாரும் காத்திருக்க மாட்டாங்க. தவிர ஆள் கூடக் கூட தரையும் இறங்கிட்டே போகும், எல்லா வாசலையும் தாண்டுற கேம் குறையும். எட்டாவது ஆள் வந்தா ரெண்டு கிளப்பாப் பிரிச்சுடுங்க.

மீட்டிங் அன்னிக்கு இன்னொரு வேலையையும் முடிச்சுடலாம். அடுத்த கேம் அன்னிக்கே முடிவாகி எல்லாரும் வாங்கிட்டா, ஒருத்தர் டவுன்லோட் பண்ணினதை மத்தவங்க அதே வைஃபையில காப்பி எடுத்துக்கலாம். ஸ்டீம்ல 2023ல இருந்து இந்த வசதி இருக்கு. `Settings`, `Downloads`, அதுல `Game File Transfer over Local Network`. அனுப்புறவர் நண்பர்களுக்கு அனுமதி கொடுக்கணும், வாங்குறவர் கணக்குல கேம் இருக்கணும். ஃபைல் வீட்டுக்குள்ளயே போகும், மொபைல் டேட்டா கரையாது. அதுக்காக எல்லாரும் பறக்கும் ரயில்ல லேப்டாப் தூக்கிட்டு வர வேண்டாம். டேட்டா கம்மியா இருக்கிறவங்க மட்டும் கொண்டு வந்தா போதும்.

கிளப் சரியா நடக்குதான்னு தெரிஞ்சுக்க ஒரு கணக்கு வெச்சுக்குங்க. ஒவ்வொரு மாசமும் எத்தனை பேர் கோடு வரைக்கும் வந்தாங்கன்னு ஷீட்ல எழுதுங்க. ஒரே ஆள் தொடர்ந்து ரெண்டு மாசம் வரலன்னா, "ஏன் விளையாடல?"ன்னு குரூப்ல கேக்காதீங்க. தனியா போன் போட்டு, "அந்த கேம் உன் மெஷின்ல எப்படி ஓடுச்சு?"ன்னு கேளுங்க. பெரும்பாலும் பதில் அங்கதான் இருக்கும். அந்தப் பதிலை எடுத்து ஷீட்ல இருக்கிற எண்ணை மாத்துங்க. அடுத்த மாசம் தேர்ந்தெடுக்கிறவர் அந்தப் புது எண்ணுக்குள்ள தேடுவார்.